குடியை விட்டார், வலி விடவில்லை: ஒரு கணைய அழற்சி நிகழ்வு ஆய்வு

நாமக்கல் பக்கத்து லாரி ஓட்டுநர் அவர். வயது 41. என் வார்டுக்கு வந்தபோது கட்டிலில் படுக்கவில்லை. ஓரத்தில் உட்கார்ந்து, தலையணையை வயிற்றோடு அணைத்தபடி முன்னால் குனிந்திருந்தார். மேல்வயிற்றில் தொடங்கிய வலி முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகிறது, மல்லாந்தால் உயிர் போகிறது, குனிந்தால் கொஞ்சம் தாங்குகிறது என்றார். கணையம் வீங்கியவர்கள் பலர் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். விடியற்காலையிலிருந்து ஆறேழு முறை வாந்தி. இரத்தத்தில் கணைய நொதியான லைபேஸ் 740. எங்கள் ஆய்வகத்தில் இயல்பின் உச்ச வரம்பு 60. இந்த வகை வலி, மும்மடங்குக்கு மேல் ஏறிய லைபேஸ் அல்லது அமைலேஸ், ஸ்கேனில் கணைய வீக்கம் என்ற மூன்றில் இரண்டு இருந்தாலே திடீர் கணைய அழற்சி என்று முடிவு செய்யலாம். அவருக்கு முதல் இரண்டும் இருந்தன.

நோய் என்ன என்பதில் குழப்பம் இல்லை, ஏனென்றால் இது நான்காவது முறை. குழப்பமெல்லாம் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற மனைவியின் முகத்தில்தான் இருந்தது. "மறுபடியும் குடிச்சிருக்காருங்களா டாக்டர்? உண்மையச் சொல்லுங்க" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். கணவர் தலை நிமிராமலே, "சத்தியமா இல்லீங்க சார். ரெண்டரை வருசமா தொட்டதே இல்லீங்க" என்றார்.

(அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். நோயின் போக்கை மாற்றவில்லை.)

பழைய காகிதங்களைக் கட்டிலிலேயே தேதிவாரியாக அடுக்கினேன். முதல் தாக்குதல் 38 வயதில், ஒரு கோயில் திருவிழா முடிந்த மறுநாள். அதுவரை வாரத்துக்கு மூன்று நாள் குவாட்டர் வழக்கம். ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்துவிட்டு வந்தவர் குடியை அன்றோடு நிறுத்திவிட்டார். அடுத்த தாக்குதல் 14 மாதம் கழித்து. மூன்றாவது அதற்குப் பின் 10 மாதத்தில். இது ஐந்தே மாதத்தில் வந்திருக்கிறது. குடி நின்றிருந்தால் இடைவெளி நீள வேண்டும். இவருக்குச் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

இரண்டாவது, மூன்றாவது முறை சேர்ந்த இடங்களில், "திரும்பக் குடித்திருப்பார்" என்று எல்லோரும் முடிவு கட்டியது தெரிந்தது. ஒரு காகிதத்தில் அப்படியே எழுதியும் இருந்தது. மனைவி லாரியின் சீட்டுக்கு அடியில்கூடத் தேடிப் பார்த்திருக்கிறார். எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம்தான். ஆனால் ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதியின் அளவும் சிவப்பணுக்களின் சராசரிக் கனஅளவும் இயல்பாகவே இருந்தன. இவை குடி இல்லை என்று நிரூபிக்காது. தொடர்ந்து குடிப்பவர்களுக்கு அடிக்கடி ஏறும் அளவுகள், அவ்வளவுதான். கேள்வியை வேறு பக்கமாகத் திருப்ப அது போதுமாக இருந்தது.

மூன்று டிஸ்சார்ஜ் சம்மரியிலும் கடைசி வரி ஒன்றே: "மது, புகை தவிர்க்கவும்." எத்தனை புகைக்கிறார் என்று ஒன்றில்கூட இல்லை.

"சிகரெட் பிடிப்பீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் "எப்பவாவது". அதனால் நான் அப்படிக் கேட்பதில்லை. "காலைல கண்ணு முழிச்சு முதல் சிகரெட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன். "பாத்ரூம் போறதுக்கு முன்னாடியேங்க" என்றார். ஒரு பாக்கெட் எத்தனை மணிக்குத் தீரும், நைட் லோடு போனால் எத்தனை வாங்கி வைப்பார் என்று கூட்டிப் பார்த்ததில் நாளைக்கு இருபத்தைந்து வந்தது. குடித்த காலத்தில் பன்னிரண்டுதான். குடியை விட்ட வாரத்திலிருந்து கை சும்மா இருக்க முடியாமல் ஏறியிருக்கிறது. "குடிய விட்டாச்சே, இதாவது இருக்கட்டும்னு வீட்லயும் ஒண்ணும் சொல்லலீங்க" என்றார். மனைவி தலையாட்டினார்.

நாளைக்கு இருபது வீதம் ஒரு வருடம் பிடித்தால் ஒரு பாக்கெட்-வருடம். 19 வயதில் தொடங்கி, பன்னிரண்டு வீதம் இருபது ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. பிறகு இருபத்தைந்து வீதம் இரண்டரை ஆண்டு. மொத்தம் சுமார் 15 பாக்கெட்-வருடம். இடைவெளி சுருங்கிய அதே காலத்தில்தான் புகை இரட்டிப்பாகியிருக்கிறது.

இதை வைத்து உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. புகையைக் குற்றவாளி ஆக்குவதற்கு முன் வேறு காரணங்களைத் தேடியாக வேண்டும், ஏனென்றால் அவற்றில் சிலவற்றைக் குணப்படுத்திவிடலாம். முதலில் பித்தப்பைக் கல். அல்ட்ராசவுண்ட் இருமுறை பார்த்தோம், கல் இல்லை. கல் வந்து குழாயை அடைத்திருந்தால் முதல் நாள் கல்லீரல் நொதி ஏ.எல்.டி. பல நேரம் 150-ஐத் தாண்டும், இவருக்கு 32. அடுத்து இரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு. ஆயிரத்தைத் தாண்டினால் அதுவே கணையத்தைத் தாக்கும். இரண்டு நாள் பட்டினி போட்டபின் எடுத்தால் அது இறங்கிவிடும் என்பதால் வந்த அன்றே எடுத்தோம்: 168. கால்சியம் 9.2, இயல்புதான், எனவே பாராதைராய்டு கோளாறுக்கான அறிகுறி இல்லை. கணையத்தைத் தாக்கக்கூடிய மருந்து எதையும் சாப்பிடவில்லை. தன்னெதிர்ப்பு வகைக்கான ஐ.ஜி.ஜி.4 இயல்பு.

சிகிச்சை எளிமையாகவே போனது. எடை 62 கிலோ; ரிங்கர் லாக்டேட் மணிக்குச் சுமார் 90 மில்லி. ஒருகாலத்தில் பாட்டில் பாட்டிலாக வேகமாக ஏற்றினால்தான் நல்லது என்று நம்பினோம். 2022-இல் வெளியான வாட்டர்ஃபால் ஆய்வு அதை நிறுத்தியது: வேகமாக ஏற்றியவர்களில் நீர் மிகைப்பு ஏறக்குறைய மும்மடங்கு, பலன் ஒன்றும் கூடவில்லை. வலிக்குத் தாராளமாக மருந்து கொடுத்தோம். ஆன்டிபயாடிக் இல்லை, கிருமித்தொற்றுக்கு அறிகுறி இல்லாததால். இரண்டாம் நாளே கஞ்சி, மூன்றாம் நாள் இட்லி.

நான்காம் நாள் எடுத்த சி.டி.யில் வீக்கத்தோடு இன்னொன்றும் தெரிந்தது. கணையத்தின் உடல்பகுதியில் கடுகு போல இரண்டு சுண்ணாம்புப் புள்ளிகள். முதல் தாக்குதலின் சி.டி. படத்தை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி ஒப்பிட்டேன். அதில் அவை இல்லை. ஆறு வாரம் கழித்து வீக்கம் வடிந்தபின் எண்டோஸ்கோப்பி வழியாக உள்ளிருந்து அல்ட்ராசவுண்ட் பார்த்தோம். மறைந்திருக்கும் சிறு கல்லோ கட்டியோ இல்லை. ஆனால் கணையத் திசுவில் நார்க்கோடுகள், முதன்மைக் குழாயின் ஓரம் சீரற்று இருந்தது. திடீர் அழற்சி நாள்பட்ட அழற்சியாக உருமாறும் வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

அந்த வாசலைத் தாண்டுகிறவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முதல் தாக்குதல் வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கும், மீண்டும் மீண்டும் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேலும் நோய் நாள்பட்டதாக மாறியிருந்தது. அதைத் தள்ளிவிடும் காரணிகளில் முன்னால் நின்றவை மதுவும் புகையும்.

சிகரெட் நுரையீரலுக்குப் போகிறது, கணையத்துக்கு என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் அவருக்குச் சொன்ன விளக்கம் வாய்க்காலை வைத்துத்தான்.

கணையத்தின் செல்கள் செரிமான நொதிகளைச் சுரக்கின்றன. அவை குழம்பு போலக் கெட்டியானவை. குழாய்களின் சுவர் பைகார்பனேட் கலந்த நீரைச் சுரந்து அவற்றைக் கழுவிக் குடலுக்குத் தள்ளுகிறது. புகைப்பவர்களின் கணைய நீரைச் சேகரித்து அளந்தபோது இந்தப் பைகார்பனேட் குறைவாக இருந்தது. நீர்வரத்து குறைந்த வாய்க்காலில் வண்டல் தங்குவது போல, புரதம் கட்டிதட்டிச் சிறு அடைப்பாகிறது; அதன்மேல் சுண்ணாம்பு படிகிறது. சி.டி.யில் நான் பார்த்த கடுகுகள் அவைதான். அடைபட்ட இடத்துக்குப் பின்னால் நொதிகள் தேங்கி, குடலில் வேலை செய்ய வேண்டியவை கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கும்போது தாக்குதல் வருகிறது. இது போக, புகையில் உள்ள சில பொருட்கள் கணையத்தின் ஸ்டெல்லேட் செல்களைக் கிளறிவிட்டு நார்த்தழும்பு போட வைக்கின்றன என்று விலங்குப் பரிசோதனைகள் காட்டுகின்றன. புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன் ஒன்று, என்.என்.கே. என்பது, கணையச் செல்கள் வைட்டமின் பி1-ஐ எடுத்துக்கொள்வதைக் குறைக்கிறது. அது வாயில் அடக்கும் புகையிலையிலும் இருக்கிறது. சிகரெட்டை விட்டுவிட்டுப் பொட்டலத்துக்கு மாறுகிறேன் என்பவர்களுக்கு நான் தலையசைக்காததற்கு இதுதான் காரணம்.

புகைப்பவர்கள் பெரும்பாலும் குடிப்பவர்களாகவும் இருந்ததால் பழி நெடுங்காலம் மதுவின் மேலேயே விழுந்தது. இரண்டையும் பிரித்துக் காட்டியவை நீண்டகாலப் பின்தொடர் ஆய்வுகள். டென்மார்க்கில் சுமார் 18 ஆயிரம் பேரை இருபது ஆண்டு பின்தொடர்ந்ததில், அந்த மக்களில் வந்த கணைய அழற்சியில் 46 சதவீதத்தைப் புகையின் கணக்கில் எழுதலாம் என்று வந்தது. ஸ்வீடனில் 84 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த 2012 ஆய்வுதான் எனக்கு அதிகம் பயன்படுகிறது. இருபது பாக்கெட்-வருடத்தைத் தாண்டி இன்னும் புகைப்பவர்களுக்கு, பித்தக்கல் சாராத அழற்சி இரண்டு மடங்குக்கு மேல். ஒரு நாளைக்கு எத்தனை என்பதைவிட எத்தனை ஆண்டு என்பதுதான் அதில் கனத்தது. பித்தக்கல்லால் வரும் அழற்சிக்கும் புகைக்கும் தொடர்பு தெரியவில்லை. அதாவது, பையில் கல்லை வைத்துக்கொண்டு சிகரெட்டை மட்டும் விட்டவருக்கு அந்தக் கல்லின் தாக்குதல் நிற்காது. அவருக்குத் தேவை பித்தப்பை அறுவை சிகிச்சை.

இவருக்கு மரபணுச் சோதனை செய்யவில்லை. இந்தியாவில் கணையக் கல் நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது, இவருக்கும் இருக்கலாம். செலவைச் சொன்னேன், வேண்டாமென்றார். நானும் வற்புறுத்தவில்லை, ஏனென்றால் முடிவு எப்படி வந்தாலும் நான் சொல்லப்போவது மாறாது. பரம்பரைக் கணைய அழற்சி உள்ளவர்களிலேயே, புகைப்பவர்களுக்குக் கணையப் புற்றுநோய் இரு மடங்கு. அதுவும் ஏறக்குறைய இருபது ஆண்டு முன்கூட்டியே வருகிறது. மரபணு மோசமாக இருந்தால் புகையை விடுவதற்குக் காரணம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

விடுவது என்று முடிவானதும் எதை வைத்து விடுவது என்ற கேள்வி. கண்விழித்த ஐந்து நிமிடத்துக்குள் முதல் சிகரெட் என்றால் கடுமையான பிடிமானம். மனவுறுதியை மட்டும் நம்பி அனுப்புவது சரியல்ல. வேரெனிக்ளின் நல்ல மருந்து. ஆனால் அதற்குக் குமட்டல் மிகச் சாதாரணம். வாந்தி வந்தால் மருந்தா கணையமா என்று தெரியாமல் இருவரும் முழிப்போம். தலைசுற்றலும் வரலாம், இவரோ இரவில் லாரி ஓட்டுகிறவர். எனவே 4 மில்லிகிராம் நிக்கோட்டின் கம். நிக்கோட்டினே கணையத்துக்கு ஆகாது என்று எலிகளில் பார்த்த ஆய்வுகள் உண்டு. கம்மில் வருவது மெதுவாக, குறைந்த அளவில், சில மாதங்களுக்கு. சிகரெட்டில் வருவது ஆயிரக்கணக்கான வேறு பொருட்களோடு, ஆயுள் முழுக்க. இந்த எடைபோடலைக் கணவன் மனைவி இருவரிடமும் வெளிப்படையாகவே சொன்னேன்.

கம் தொடங்கிய ஆறாம் நாள் பதறிக்கொண்டு வந்தார். வயிறு எரிகிறது, விக்கல் நிற்கவில்லை, மறுபடியும் கணையம் என்றார். தொட்டுப் பார்த்தால் வயிறு மெத்தென்று இருந்தது. வலி முதுகுக்குப் போகவில்லை, மல்லாந்து படுக்க முடிந்தது, லைபேஸ் 48. நாள்பட்ட நிலையில் கணையத் திசு தேய்ந்தவர்களுக்குத் தாக்குதலின்போதும் லைபேஸ் ஏறாமல் இருக்கலாம் என்பதால் எண்ணை மட்டும் நம்பவில்லை. ஆனால் எல்லாம் ஒரே திசையைக் காட்டின. "கம் எப்படிச் சாப்பிடறீங்க?" "பபுள்கம் மாதிரிதாங்க, மென்னு முழுங்கிட்டே இருப்பேன்." கோளாறு அதுதான். சில தரம் மென்று, சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அரைமணி நேரம் இப்படி. நிக்கோட்டின் வாய்ச்சவ்வு வழியாகப் போகவேண்டியது, விழுங்கினால் வயிற்றை எரிக்கும். காபிக்குப் பின் கால்மணி நேரம் கம் கூடாது, வாயில் அமிலம் இருந்தால் அது உறிஞ்சாது. இதை முதல் நாளே செய்துகாட்டாதது என் தவறு.

இரண்டாவது புகார் படபடப்பும் தூக்கமின்மையும். சிகரெட்டை விட்டதால் வருகிறது, ஒன்று பிடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தார். அவர் நாளைக்கு எட்டு டீ, இரண்டு காபி குடிப்பவர். புகையில் உள்ள தார்ப்பொருட்கள் கல்லீரலில் காஃபீனை எரிக்கும் நொதியைத் தூண்டிவிடும். புகை நின்ற சில நாட்களில் அந்தத் தூண்டுதல் போய்விடும். பிறகு அதே பத்து கப், இரத்தத்தில் முன்னைவிட அதிகக் காஃபீன். பாதியாகக் குறைக்கச் சொன்னேன். நாலைந்து நாளில் தூங்கினார்.

ஐந்தாவது வாரம் ஒடிசா லோடு. ராத்திரி ஒரு தாபாவில் கிளீனர் நீட்டியதை வாங்கியிருக்கிறார். அப்புறம் மூன்று நாள் பாக்கெட். ஊர் திரும்பியதும் அவரே வந்து சொன்னார். லாரியில் ஏறும்போது கம் எடுத்துப்போகாததுதான் காரணம் என்று கண்டுபிடித்தோம். டாஷ்போர்டில் ஒரு அட்டை நிரந்தரமாக இருக்கட்டும் என்று ஏற்பாடு. அதோடு, சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்கு வண்டியை நிறுத்தி இரண்டு முறை பேசியதாகச் சொன்னார்.

மூன்றாம் மாதம் மனைவி தனியாகக் கேட்டார், சிறுநீரில் பார்த்தால் தெரியும் என்கிறார்களே, எடுக்கலாமா என்று. கோட்டினின் சோதனையைத்தான் சொல்கிறார். அது நிக்கோட்டினின் சிதைபொருளைப் பார்க்கிறது. கம் மெல்பவருக்கும் 'உண்டு' என்றே காட்டும். நேர்மையாக இருக்கிற மனிதரைப் பொய்யர் ஆக்கிவிடும். மூச்சை ஊதிக் கார்பன் மோனாக்சைடு பார்க்கும் கருவியே இங்கே பொருத்தம். 3 பிபிஎம் வந்தது. புகைப்பவர்களுக்குப் பொதுவாக இரட்டை இலக்கம் வரும். ஆனால் அதுவும் கடைசி ஒரு நாளைத்தான் சொல்லும் என்பதையும் சொல்லிவைத்தேன். நாலாம் மாத முடிவில் கம் நின்றது.

ஏழாம் மாதம் தாக்குதல் வந்தது. முன்பு வந்தவற்றைவிட லேசானது, லைபேஸ் 310, மூன்று நாளில் வீடு திரும்பினார். மூச்சில் 2 பிபிஎம். இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள்: "விட்டும் வந்துடுச்சே, அப்புறம் எதுக்கு விடணும்?" அவரும் கேட்டார். ஏற்கெனவே படிந்த கல் கரையாது, தழும்பு அழியாது, குழாயின் கோணல் நிமிராது. அந்தப் பழைய சேதத்திலிருந்து தாக்குதல் வர இடமிருக்கிறது. ஸ்வீடன் ஆய்வில் புகையை விட்டவர்களின் ஆபத்து புகைக்காதவர்களின் அளவுக்கு இறங்க இருபது ஆண்டு பிடித்தது. ஏழு மாதத்தில் கேட்பது அவசரம் என்றேன். அதே நேரம், நோய் தெரிந்த ஆரம்ப ஆண்டுகளிலேயே புகையை நிறுத்தியவர்களுக்குச் சுண்ணாம்புப் படிவு குறைவாக உண்டானதை இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. இரண்டு கடுகோடு நிற்கிறவருக்கு அந்தக் கணக்குத்தான் முக்கியம்.

அதற்குப் பின் 22 மாதமாக ஒன்றும் வரவில்லை. இரண்டாம் ஆண்டு முடிவில் எடுத்த சி.டி.யில் அதே இரண்டு புள்ளிகள், அதே அளவு, புதிதாக இல்லை. மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதி 260-லிருந்து 240. இருநூறுக்குக் கீழே போனால்தான் நொதி மாத்திரை பற்றி யோசிப்போம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ1.சி. 5.9-லிருந்து 6.1. கணையம் தேய்வதாலா, சிகரெட்டை விட்டபின் ஏறிய ஐந்து கிலோவாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

புகையை விட்டதால்தான் 22 மாதம் அமைதி என்றும் ஒரே ஒரு நோயாளியை வைத்து நான் எழுதமாட்டேன். இந்த நோய் தானாகவே சில ஆண்டு ஓய்ந்திருப்பதும் உண்டு. 14, 10, 5 என்று சுருங்கிவந்த வரிசை அந்த இடத்தில் முறிந்தது என்பது மட்டும் காகிதத்தில் இருக்கிறது.

அவருடைய நான்காவது டிஸ்சார்ஜ் சம்மரியில் காரணம் என்ற கட்டத்துக்குள் நான் எழுதியது இது: "முன்பு மது, 38 வயதில் நிறுத்தப்பட்டது. புகை, 15 பாக்கெட்-வருடம், தொடர்கிறது." போன மாதம் ஆறுமாதச் சோதனைக்கு வந்தபோது மனைவி அந்தக் காகிதத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். 'தொடர்கிறது' என்ற சொல்லை அடித்துத் தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுங்கள் என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.